‘நீங்க எப்படி எழுதினாலும் ஓகே சார்’: பழைய மேலாளரிடம் பணிச்சான்று கேட்ட ஒரு நிகழ்வு

2023 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, இரவு பத்தரை மணி. வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது.

“சார் வணக்கம், நல்லா இருக்கீங்களா? கனடா பி.ஆர்.க்கு இன்விடேஷன் வந்திருக்கு சார். உங்க கிட்ட இருந்து ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வேணும். கொஞ்சம் அர்ஜென்ட். நீங்க எப்படி எழுதினாலும் ஓகே சார்.”

அனுப்பியவர், சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் என் குழுவில் இருந்தவர். நல்ல வேலைக்காரர். மகிழ்ச்சியாக இருந்தது. “கண்டிப்பா எழுதித் தர்றேன்மா” என்று அந்த இரவே பதில் போட்டேன். சனிக்கிழமை காலை காபியோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தவன், பதினொரு மணிவரை மூன்று வரிக்கு மேல் எழுதவில்லை. எழுதிய மூன்றும், நல்ல ஊழியர், கடின உழைப்பாளி, பொறுப்பானவர் என்ற வகை. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வரிகள்.

அவர் எந்த மாதம் என் குழுவுக்கு வந்தார் என்பது எனக்கு நினைவில்லை. எப்போது சீனியர் ஆனார் என்பதும் நினைவில்லை. நானே 2022 மார்ச்சில் அந்த நிறுவனத்தை விட்டு கோயம்புத்தூர் வந்துவிட்டேன். பழைய மின்னஞ்சல், யார் எந்த வேலை செய்தார் என்று பதிவாகும் பழைய ஜிரா எதுவும் என் கையில் இல்லை. அந்த ஆண்டுகளில் பதினான்கு பேர் என் குழுவில் வந்து போயிருக்கிறார்கள். இவர் செய்ததையும் பக்கத்து இருக்கைக்காரர் செய்ததையும் என் நினைவு கலந்துபோட்டிருந்தது.

‘எப்படி எழுதினாலும் ஓகே’ என்று அவர் சொன்னது மரியாதையால். ஆனால் அந்த வரிதான் முழுப் பாரத்தையும் என் தலையில் வைத்தது. இந்தக் கடிதம் எப்படி எழுதினாலும் சரியாக இருக்கும் கடிதமும் அல்ல. அது அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் முழுதாகத் தெரியாது.

என்ன கடிதம் இது

பல்கலைக்கழகத்துக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம் ஒரு வகை. அங்கே ஆளின் திறமையைப் பாராட்டி, ஒரு சம்பவத்தைச் சொல்லி எழுதலாம். நிரந்தரமாகக் குடியேற வருபவர்களைக் கனடா தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை கேட்பது அதையல்ல. அந்நாட்டின் குடிவரவுத் துறை கேட்பது, இவர் இந்த வேலையை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செய்தார் என்பதற்கான சாட்சியம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் வேண்டும். நேரடி மேலாளரோ எச்.ஆர். அதிகாரியோ பெயர், பதவி எழுதிக் கையெழுத்திட வேண்டும். வகித்த பதவிகள், வேலை செய்த தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், இவற்றோடு செய்த பணிகளின் விவரமும் இருக்க வேண்டும்.

நம் ஊர் நிறுவனங்களில் சிக்குவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். ஒரே அச்சில் வார்த்த சர்வீஸ் சர்டிபிகேட்டைத் தருவார்கள். பெயர், ஊழியர் எண், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, ‘அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்’. பணிகளை எழுதித் தரச் சொன்னால் ‘எங்கள் கொள்கைப்படி தருவதில்லை’ என்று பதில் வரும். இவருக்கும் அதுவே நடந்தது. அழைப்பு வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தையும் அனுப்ப 60 நாள். சர்வீஸ் சர்டிபிகேட்டே போதும் என்று நினைத்து முதல் ஒன்பது நாளை விட்டிருந்தார். ஏற்கெனவே கனடா போயிருந்த தோழி ஒருவர் ‘பணி விவரம் இல்லாமல் அனுப்பாதே, தேதி தெரிந்தாலும் நீ என்ன செய்தாய் என்று அதிகாரிக்குத் தெரியாது’ என்று சொன்ன பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

அதிகாரி பார்ப்பது என்.ஓ.சி. என்ற கனடாவின் தொழில் வகைப்பாட்டை. (நம் ஊரில் தடையில்லாச் சான்றுக்கும் இதே மூன்றெழுத்து என்பதால் முதலில் நானே குழம்பினேன்.) ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அதன் கீழே அந்தத் தொழில் என்ன என்ற ஒரு சுருக்கமும், முக்கியப் பணிகளின் பட்டியலும் இருக்கும். விண்ணப்பதாரர் செய்த வேலை அந்தச் சுருக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், பட்டியலில் உள்ள பணிகளில் கணிசமானவற்றைச் செய்திருக்கவும் வேண்டும். பதவியின் பெயருக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. இவருடைய கடைசிப் பதவி ‘சீனியர் குவாலிட்டி அனலிஸ்ட்’. அந்தப் பெயரை மட்டும் பார்த்தால் தர ஆய்வாளர்களைச் சேர்த்திருக்கும் 21222 என்ற எண்ணின் பக்கம் கை போகும். ஆனால் அவர் தினமும் செய்தது சோதனைத் திட்டம் எழுதுவது, சோதனைகளை ஓட்டுவது, முடிவுகளைப் பதிவு செய்வது. அது 22222, மென்பொருள் சோதனையாளர்களின் எண். அவர் சரியாகவே 22222-ஐத் தேர்ந்திருந்தார். அப்படியானால் என் கடிதம் அந்த வேலையைக் காட்ட வேண்டும். ‘கடின உழைப்பாளி’ அதைக் காட்டாது.

இரண்டாவது செய்தி

சனிக்கிழமை மாலை அவரை அழைத்து உள்ளதைச் சொன்னேன். “எனக்குத் தேதியே ஞாபகம் இல்லம்மா. நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்கு ஞாபகம் வர்ற மாதிரி எழுதி அனுப்புங்க. லெட்டரை எழுதி அனுப்ப வேண்டாம், விவரம் மட்டும் போதும்.” கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்பது கீழே வருகிறது.

திங்கட்கிழமை இரவு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பலருக்குப் பயன்படும் என்பதால், அவர் அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி இங்கே தருகிறேன்.

“சார், நீங்கள் கேட்டபடி விவரங்கள். கடிதம் எனக்கு ஆகஸ்ட் 10-க்குள் கிடைத்தால் போதும், கடைசி நாள் அதற்கு ஒரு மாதம் பிறகுதான். உங்களால் முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு வழி பார்க்க எனக்கு நாள் இருக்கிறது.

நான் நிறுவனத்தில் இருந்தது 2018 ஜூன் முதல் 2021 நவம்பர் வரை. இதில் முதல் எட்டு மாதம் பயிற்சிப் பொறியாளர், அப்போது வேறு மேலாளர். உங்கள் குழுவுக்கு வந்தது 2019 பிப்ரவரி. சீனியர் ஆனது 2020 ஏப்ரல். விலகும்வரை நேரடியாக உங்களிடமே ரிப்போர்ட் செய்தேன். வாரம் ஐந்து நாள், உணவு நேரம் போக நாளுக்கு எட்டு மணி நேரம். 2020 மார்ச்சுக்குப் பிறகு வீட்டிலிருந்து, அதே நேரம்.

வேலை பார்த்தது ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பாலிசி நிர்வாக மென்பொருளில். இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ். நீங்கள் நினைவு வைத்திருக்கக்கூடியவை: பிப்ரவரி 29 விவகாரம் (2020 ஜனவரி). பிரீமியம் கணக்கீட்டுக்கு நான் எழுதிய செலினியம் ஸ்கிரிப்ட்கள், முன்பு மூன்று நாள் கையால் ஓட்டிய ரிக்ரஷன் சோதனை அரை நாளில் முடிந்தது. இரண்டு பயிற்சியாளர்களை நான்கு மாதம் எனக்குக் கீழே விட்டீர்கள்.

நேரம் போன விதம் தோராயமாக: பாதி நேரம் சோதனைகளை ஓட்டி முடிவைப் பதிவு செய்வது, கால் பங்கு சோதனைத் திட்டமும் டெஸ்ட் கேஸும் எழுதுவது, மீதி ஸ்கிரிப்ட் எழுதுவதும் சோதனைச் சூழலைத் தயார் செய்வதும்.

இதில் எது உங்களுக்கு நினைவில்லையோ, எது தவறு என்று தோன்றுகிறதோ, அதை விட்டுவிடுங்கள். இணைப்பு: நியமனக் கடிதம், சீனியர் ஆன கடிதம், சர்வீஸ் சர்டிபிகேட், எச்.ஆர். மறுத்த மின்னஞ்சல், கடிதத்தில் இருக்க வேண்டியவை பற்றிக் குடிவரவுத் துறை சொல்லும் பக்கம்.”

சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் நகராத கடிதம், இதைப் படித்த அன்று நாற்பது நிமிடத்தில் முதல் வடிவத்துக்கு வந்தது.

என்னை அசைத்தது ‘பிப்ரவரி 29 விவகாரம்’ என்ற மூன்று சொற்கள். 2020 லீப் ஆண்டு. 29-ஆம் தேதி தொடங்கும் பாலிசிக்கு அடுத்த ஆண்டுப் புதுப்பிப்புத் தேதி என்ன? 2021-இல் அந்தத் தேதியே கிடையாது. மென்பொருள், நாட்காட்டியில் இல்லாத அந்தத் தேதியை எழுத முயன்று, இரவில் தானாக ஓடும் வேலையை நடுவில் நிறுத்தியது. அதை ஜனவரியிலேயே சோதனைத் தரவில் வைத்துக் கண்டுபிடித்தவர் இவர். அந்த மாலை டெவலப்பர்களோடு நடந்த வாக்குவாதமும், வெள்ளைப் பலகையில் இவர் வரைந்த தேதிக் கட்டமும், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும்கூடத் திரும்பி வந்தன. அந்த ஒரு மாலை வந்ததும் அதைச் சுற்றியிருந்த மாதங்களும் வந்தன.

இத்தனைக்கும் பிப்ரவரி 29 பற்றி நான் கடிதத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை, அதற்கு அங்கே வேலை இல்லை. அந்தச் சம்பவம் என் நினைவைத் திறக்க உதவிய சாவி. உதவி கேட்பவர்கள் பலர் நினைவைத் திறப்பதையும் கடிதத்தில் வருவதையும் ஒன்றாக நினைத்து, கடிதத்தில் வர வேண்டியதை மட்டும் அனுப்புகிறார்கள். எழுதுபவருக்கு நினைவு திரும்பினால்தான் பட்டியலில் உள்ள மற்றவற்றையும் மனசாட்சியோடு எழுத முடியும்.

‘தவறு என்று தோன்றுவதை விட்டுவிடுங்கள்’ என்ற வரியும் அப்படித்தான். அது இல்லாமல் அதே பட்டியல் வந்திருந்தால், ஏதாவது ஒன்றை நான் நீக்கினால் அவர் மனம் நோகுமோ என்று தயங்கியிருப்பேன். ‘முடியாது என்றால் சொல்லுங்கள்’ என்பதும் வெறும் பணிவு இல்லை. முடியாத மேலாளர் முடியாது என்று முதல் வாரத்தில் சொல்வது, ஐம்பதாம் நாள்வரை ‘இந்த வாரம் தந்துடறேன்’ என்று இழுப்பதைவிட எவ்வளவோ நல்லது.

பணிகளை எழுதியது

அவர் தனியாக ஒரு பணிப் பட்டியலையும் வைத்திருந்தார், தயங்கித் தயங்கித்தான் அனுப்பினார். ஆலோசகர் ஒருவர் தந்த மாதிரியாம். படித்ததும் தெரிந்துவிட்டது. 22222-க்குக் கீழே கனடா அரசு தந்திருக்கும் வரிகள், ஏறக்குறைய அப்படியே, அதே வரிசையில். கணினிகளில் இயங்குதளத்தை நிறுவிச் சோதனைக்குத் தயார் செய்தார் என்று ஒரு வரி. எங்கள் நிறுவனத்தில் அதைச் செய்தது வேறு குழு. தொலைத்தொடர்பு அமைப்புகளைச் சோதித்தார் என்று இன்னொரு வரி. நாங்கள் தொலைத்தொடர்பைத் தொட்டதே இல்லை. லெட்டரை எழுதி அனுப்ப வேண்டாம் என்று நான் முதலில் சொன்னது இதற்குத்தான்.

“இதை நான் எழுத முடியாதும்மா” என்றேன். “எல்லாரும் இப்படித்தான் சார் போடறாங்க” என்றார். எல்லாரும் போடுவதுதான் முதல் ஆபத்து. ஒரே வரிகளை ஆயிரம் கடிதங்களில் படித்த அதிகாரிக்கு, இது இந்த ஆள் செய்த வேலையா, இணையத்தில் எடுத்ததா என்ற கேள்வி வராமல் இருக்காது. இரண்டாவது இன்னும் பெரியது. கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, முக்கியமான விஷயத்தில் தவறான தகவல் தந்தால் ஐந்து ஆண்டுக்கு நுழைவே இல்லை என்கிறது. செய்யாத ஒரு வேலையை அழகுக்காகச் சேர்த்து, செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டியதையும் இழப்பதா? அவர் மறுபடி பேசவில்லை, அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

பிறகு தொலைபேசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் அவர் செய்த வேலையிலிருந்து எழுதினோம். ‘சோதனைத் திட்டங்களை உருவாக்கி ஆவணப்படுத்தினார்’ என்பது அரசின் வரி. எங்கள் கடிதத்தில் அது, ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பிரீமியம், புதுப்பிப்பு, முதிர்வுத் தொகை ஆகிய பகுதிகளுக்கான சோதனைத் திட்டத்தையும் டெஸ்ட் கேஸ்களையும் தேவை ஆவணத்திலிருந்து எழுதி என் ஒப்புதலுக்கு அனுப்பினார்’ என்று ஆனது. வேலை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வரியை எங்கள் குழுவில் இருந்தவர் மட்டுமே எழுதியிருக்க முடியும். அதைப் படிக்கும் அதிகாரிக்கும் எந்த முக்கியப் பணியோடு அது பொருந்துகிறது என்று கண்டுகொள்வதில் சிரமமில்லை.

இப்படி ஏழு வரி. சூழலைத் தயார் செய்ததை ‘சோதனைத் தரவை ஏற்றினார், உள்ளமைவு சரியா என்று பார்த்தார்’ என்ற அளவில் நிறுத்தினோம், அவர் செய்தது அவ்வளவே. நேரப் பங்கையும் சேர்த்தேன். முக்கியப் பணி எது, எப்போதாவது செய்தது எது என்று அதில் தெரிந்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் எங்களுக்குள் உரசல். இரண்டு பயிற்சியாளர்களை வழிநடத்தியதை வைத்து ‘டீம் லீட்’ என்று எழுத முடியுமா என்று கேட்டார். அவர் அதற்கு உரியவர்தான், நான் அந்தப் பதவியைக் கேட்டு மேலே எழுதியும் இருந்தேன், கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் நிறுவனத்தின் எந்தத் தாளிலும் அந்தப் பதவி இல்லை. நான் எழுதிவிட்டு சர்வீஸ் சர்டிபிகேட் வேறு சொன்னால், முரண்படுவது என் கடிதம் மட்டுமல்ல, மொத்த விண்ணப்பமும். ‘நான்கு மாத காலம் இரண்டு பயிற்சிப் பொறியாளர்களின் டெஸ்ட் கேஸ்களைச் சரிபார்த்து வழிகாட்டினார்’ என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்.

லெட்டர்ஹெட் இல்லாத கடிதம்

நானே நிறுவனத்தை விட்டு வந்தவன். பழைய நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுத எனக்கு உரிமையில்லை. இப்போதைய நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதினால் என்ன என்று அவர் கணவர் கேட்டார். கூடாது, இந்த நிறுவனத்துக்கும் அவர் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே வெள்ளைத்தாள். தலைப்பில் என் பெயர், வீட்டு முகவரி, கைபேசி, சொந்த மின்னஞ்சல். முதல் பத்தியில் நான் யார் என்பது: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அந்த நிறுவனத்தில் டெஸ்ட் மேனேஜர், 2019 பிப்ரவரி முதல் 2021 நவம்பர் வரை இவருடைய நேரடி மேலாளர், இப்போது அங்கே இல்லை, நான் நேரில் அறிந்ததை மட்டும் எழுதுகிறேன். சம்பளத்தை நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது தோராயம்தான், அதற்கு அவரிடம் பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16-உம் இருந்தன.

இத்தகைய கடிதம் தனியாக நிற்காது. துறை கேட்கும் வடிவத்தில் இது இல்லை என்பதை மறைக்காமல், ஏன் இல்லை என்பதைக் காட்ட வேண்டும். அவர் சேர்த்த தாள்களில் நான் மிக முக்கியமாக நினைப்பது இரண்டு. ஒன்று, பணி விவரம் தர முடியாது என்று எச்.ஆர். எழுதிய மின்னஞ்சல். தொலைபேசியில் கேட்டு மறுப்பு வாங்கியிருந்தால் இது இருந்திருக்காது. எழுத்தில் கேட்டதால் எழுத்தில் மறுப்பு வந்தது. மற்றொன்று, அவருக்கு வந்த சம்பள உயர்வுக் கடிதம். அதில் ‘ரிப்போர்ட்டிங் மேனேஜர்’ என்று என் பெயர் அச்சாகி இருந்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவன் உண்மையில் இவருடைய மேலாளர்தான் என்று நிறுவனமே சொல்லும் தாள் அது ஒன்றுதான். இவற்றோடு என் ரிலீவிங் கடிதத்தின் நகலையும் தந்தேன், ஊழியர் எண்ணையும் சம்பளத்தையும் மறைத்து. இவை எல்லாம் ஏன் இப்படி இருக்கின்றன என்று ஒரு பக்க விளக்கக் கடிதத்தை அவர் எழுதி முன்னால் வைத்தார்.

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அது கையெழுத்து என்னுடையது என்பதற்குத்தான் சான்று. எழுதியது உண்மை என்று நோட்டரி சொல்வதில்லை. சிலர் முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி சீல் குத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பணி விவரமும் துணைத் தாள்களும் இல்லாமல் அந்த சீலால் ஒன்றும் நடக்காது.

இவ்வளவு செய்தும் அதிகாரி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அதை முதலிலேயே பேசிக்கொண்டோம்.

முதல் எட்டு மாதம்

அவர் பயிற்சிப் பொறியாளராக இருந்த 2018 ஜூன் முதல் 2019 ஜனவரி வரையான மாதங்களை என்னால் எழுத முடியவில்லை. “அப்போதும் பக்கத்து பே-லதானே சார் இருந்தேன், பார்த்திருப்பீங்களே” என்றார். பார்த்தேன்தான். பக்கத்தில் பார்ப்பது மேற்பார்வை ஆகாது. அந்தக் காலத்து மேலாளருக்கு இதேபோல விவரத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பதினைந்து நாள் பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று. அதற்கும் இல்லை.

அப்போது உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் கணக்கில், வெளிநாட்டு அனுபவத்துக்கான புள்ளிகள் மூன்று ஆண்டில் உச்சத்தைத் தொடும், அதற்குமேல் எத்தனை ஆண்டு இருந்தாலும் புள்ளி ஏறாது. என் கீழே அவர் இருந்தது 34 மாதம். குழந்தைக்காக எடுத்த இடைவெளிக்குப் பிறகு 2022 செப்டம்பரில் சேர்ந்த இப்போதைய நிறுவனம் சிறியது. அதன் எச்.ஆர். பணி விவரத்தோடு லெட்டர்ஹெட்டிலேயே கடிதம் தந்துவிட்டது, அதில் பத்து மாதத்துக்கு மேல். இரண்டையும் சேர்த்தாலே மூன்று ஆண்டைத் தாண்டிவிட்டது. பயிற்சி மாதங்கள் புள்ளிக்குத் தேவையே இல்லை. பணி வரலாற்றில் அவற்றை மறைக்காமல் காட்டிவிட்டு, புள்ளிக்காக அவற்றைக் கோராமல் விட்டார். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால், பதில் சொல்லாத அந்த மனிதருக்காகப் பதினைந்து நாள் தூக்கம் கெட்டிருக்க வேண்டியதில்லை. யாரிடம் கடிதம் கேட்பது என்பதற்கு முன்னால் எந்த மாதங்களுக்குக் கடிதம் தேவை என்று பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு

என் கடிதம் அவர் கைக்குப் போனது அழைப்பு வந்த 31-ஆம் நாள். விண்ணப்பம் போனது 44-ஆம் நாள். அவருடைய மின்னஞ்சல், கையெழுத்திட்ட கடிதத்தின் ஸ்கேன், நான் மாற்றிய இடங்களைப் பற்றிய என் குறிப்பு, மூன்றையும் ஒரு கோப்புறையில் போட்டு வைத்தேன். குடிவரவுத் துறை கையெழுத்திட்டவரைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொண்டு கேட்பதுண்டு. ஆறு மாதம் கழித்து, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ‘அவர் எந்த மாதம் உங்கள் குழுவுக்கு வந்தார்’ என்று கேட்டால் நான் மறுபடி பழைய சனிக்கிழமைக்குப் போய்விடக்கூடாது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்காத பழக்கத்தையும் அந்த மாதங்களில் விட்டேன். வங்கிக் கடன் விற்பவர்களிடம் நிறையப் பேசினேன்.

கனடாவிலிருந்து யாரும் அழைக்கவில்லை. 2024 தொடக்கத்தில் அவருக்கு ஒப்புதல் வந்தது. ஆகவே எந்தத் தாள் அதிகாரியைத் திருப்திப்படுத்தியது என்று என்னால் சொல்ல முடியாது.

சென்ற மாதம் அதே பழைய குழுவிலிருந்து ஒரு தம்பி செய்தி அனுப்பினான், ஆஸ்திரேலியாவுக்கு. “சார், ஒரு லெட்டர் வேணும், அர்ஜென்ட்.” முதலில் அந்நாட்டு மதிப்பீட்டு அமைப்பு கடிதத்தில் என்ன கேட்கிறது என்ற பக்கத்தை அனுப்பச் சொன்னேன், இரண்டு நாட்டு விதிகளும் ஒன்றல்ல. பிறகு அந்தப் பெண்ணின் மின்னஞ்சலைப் பெயர் நீக்கி அனுப்பி, இதே மாதிரி எழுதித் தரச் சொன்னேன். மறுநாள் மாலையே வந்தது. தேதி, நேரப் பங்கு, இணைப்பு எல்லாம் இருந்தன. ‘நீங்கள் நினைவு வைத்திருக்கக்கூடியவை’ என்ற இடத்தில் மட்டும், ‘எல்லா வேலையும் நன்றாகச் செய்தேன் சார்’ என்று எழுதியிருந்தான். அவனை அழைத்தேன். “தம்பி, நாம ரெண்டு பேரும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆபீஸ்ல உட்கார்ந்திருந்த நாள் ஏதாவது ஞாபகம் இருக்கா?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “இருக்கு சார், அந்த பேக்கப் ரெஸ்டோர் ஆகாத நாள்” என்றான். பேனாவை எடுத்தேன்.